கூலி உயர்ந்ததா, வீழ்ந்ததா?

அமெரிக்காவில் 2000க்கும் 2013க்கும் இடையே, விலைவாசி உயர்வைக் கழித்த பின்னும், இடைநிலை ஊதியம் ஏறத்தாழ 1 சதவீதம் உயர்ந்தது. ஆனால் கல்வித் தகுதிவாரியாகப் பிரித்தபோது, பள்ளியிறுதியை எட்டாதோர் முதல் பட்டதாரிகள் வரை ஒவ்வொரு பிரிவிலும் ஊதியம் வீழ்ந்திருந்தது. இரண்டும் மெய்யே.

இது எவ்வாறு நிகழும்? நூறு தொழிலாளரைக் கற்பனை செய்துகொள்வோம். 30 பட்டதாரிகளுக்குத் தலா 1000 ரூபாய், ஏனைய 70 பேருக்குத் தலா 600 ரூபாய் எனில் சராசரி 720. சில ஆண்டுகளுக்குப் பின் 45 பட்டதாரிகள் 980 ரூபாயும், ஏனைய 55 பேர் 560 ரூபாயும் பெறுகின்றனர். இரு பிரிவினரும் இழந்தனர். சராசரியோ 749 ஆயிற்று. உயர்ந்தது கூலியன்று, பட்டதாரிகளின் விகிதமே.

இதை வரைபடமாக்கும்போது மொத்தத்தைத் தடித்த கோடாகவும், பிரிவுகளை மெல்லிய கோடுகளாகவும் ஒரே அளவுகோலில் வரைய வேண்டும். அதன் கீழே, ஒவ்வொரு பிரிவின் விகிதமும் மாறிய விதத்தைக் காட்ட வேண்டும். பழைய 30–70 விகிதத்தை நிலையாக வைத்து ஒரு புள்ளிக்கோடும் தேவை. அது 686இல் முடியும். கூலி வீழ்ச்சி பறித்தது 34, விகித மாற்றம் சேர்த்தது 63 என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும்.

ஓர் எச்சரிக்கை: இடையில் பட்டம் பெற்றுப் பிரிவு மாறியவர் உண்மையில் முன்னேறியிருக்கக்கூடும், பிரிவுக் கோடு தனிமனிதரைப் பின்தொடர்வதில்லை. ஆகவே மொத்தத்தை மட்டும் காட்டும் அரசு அறிக்கையை மறுக்கும் நாம், பிரிவுகளை மட்டும் காட்டினால் அதே பிழையையே செய்கிறோம்.