தேன்தமிழும் தமிழ்த்தேனும்

ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் உவமை எது என்று கேட்டால், "'போல' வந்தால் உவமை" என்று உடனே பதில் வரும். 'மழை வரும் போலிருக்கிறது' என்று எழுதிக் கொடுங்கள். அதன் கீழும் கோடு போட்டுவிடும். அங்கே 'போல' ஒப்பிடவில்லை, ஊகிக்கிறது. 'தம்பி அண்ணனைப் போல உயரம்' என்பதும் உவமை ஆகாது. அது வெறும் அளவு. இனம் வேறான இரண்டு பொருளுக்குள் ஓர் ஒற்றுமை தெரிந்தால்தான் உவமை.

அதனால் நான் உருபைத் தேடச் சொல்வதில்லை. 'எதில்?' என்று கேட்கச் சொல்கிறேன். இட்லி பஞ்சு போல இருக்கிறது. எதில்? மென்மையில், வெண்மையில். சுவையில் இல்லை. இந்த 'எதில்' என்பதற்கு வரும் விடைதான் பொதுத்தன்மை. தொல்காப்பியர் உவமை பிறக்கும் இடங்களாக வினை, பயன், மெய், உரு என்று நான்கைச் சொல்கிறார். செயல், பயன், வடிவம், நிறம் என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும்.

உருவகத்தைப் புரியவைக்க நம் மொழியிலேயே ஓர் அருமையான வழி இருக்கிறது. 'தேன்' என்று ஓர் அட்டை, 'தமிழ்' என்று இன்னொன்று. தேனை முன்னால் வைத்தால் 'தேன்தமிழ்': தேன் போன்ற தமிழ். 'போன்ற' மறைந்திருக்கும் உவமைத்தொகை இது. அட்டைகளை இடம் மாற்றினால் 'தமிழ்த்தேன்': தமிழாகிய தேன். இது உருவகம். இப்போது ஒரு வினைச்சொல் சேர்க்கச் சொல்லுங்கள். தேன்தமிழைப் படிக்கலாம், பேசலாம். தமிழ்த்தேனையோ பருகத் தோன்றும். மதிமுகம் சிரிக்கும், முகமதி உதிக்கும். பின்னால் நிற்கும் சொல்தான் வினையைத் தேர்ந்தெடுக்கிறது. இதைத் தானாகக் கண்டுபிடித்த பிள்ளைக்கு இலக்கணக் குறிப்பு மறக்காது.

அடுத்தது ஒப்புமை விளக்கம். இதில் ஒற்றுமை ஒன்றோடு நிற்காது. ஓர் ஏற்பாடு முழுவதையும் இன்னொன்றின் மேல் பொருத்திப் பார்க்கிறோம். மின்சாரத்தை விளக்க மாடித் தொட்டியைக் காட்டலாம். தொட்டி இருக்கும் உயரம் மின்னழுத்தம். குழாயில் ஓடும் நீர் மின்னோட்டம். குழாய் குறுகினால் நீர் குறையும், அந்தக் குறுகல்தான் மின்தடை. கரும்பலகையில் இடப்பக்கம் தொட்டி, வலப்பக்கம் மின்சுற்று என்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டு இணைக்க வேண்டும்.

அப்போது ஒரு பிள்ளை கேட்கும்: "குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டுமே, கம்பியை வெட்டினால் மின்சாரம் கொட்டுமா?" அந்தக் கேள்வியை அடக்கிவிடாதீர்கள். கொட்டாது. சுற்று அறுந்ததும் ஓட்டமே நின்றுவிடும். ஆனால் அறுந்த முனையில் மின்னழுத்தம் இருக்கக்கூடும், அதனால் அதைத் தொடக்கூடாது. தொட்டியில் இதற்கு இணை கிடையாது. வலப்பக்கம் 'அறுந்த கம்பி' என்று எழுதி, இடப்பக்கத்தை வெற்றிடமாகவே விட்டுவிடுங்கள்.