பனியா, புகையா? மணிமேகலை காட்டும் ஏதுப் போலிகளும் நம் கட்டுரைகளும்



எஸ்.பி.எம். தேர்வுக்கு வாதக் கட்டுரை எழுதிப் பழகும் பிள்ளைகள் இங்கே நிறையப் பேர் அமர்ந்திருக்கிறீர்கள். உங்களுக்குக் கருத்துப் பஞ்சம் இல்லை. சொன்ன காரணம் சொன்ன முடிவைத் தாங்குகிறதா என்று பார்ப்பதில்தான் தடுமாற்றம். அதைப் பார்க்கும் முறை ஒன்று நம் காப்பியத்திலேயே இருக்கிறது. மணிமேகலையை நாம் அமுதசுரபிக்காகப் படிக்கிறோம், ஆபுத்திரனுக்காகப் படிக்கிறோம். அதன் 29ஆம் காதையை, கடினம் என்று சொல்லிப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறோம். எனக்கு அதில் நெடுநாள் வருத்தம் உண்டு.

வஞ்சி மாநகரில் பல சமயவாதிகளின் வாதங்களையும் கேட்டுவிட்டுத்தான் மணிமேகலை காஞ்சிக்கு வருகிறாள். அங்கே அறவண அடிகள் அவளுக்கு அறத்தைச் சொல்லுமுன் அளவையைச் சொல்கிறார். ஒரு வாதத்தில் நிறுவ வேண்டிய கூற்று பக்கம், அதற்குச் சொல்லும் காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். இம்மூன்றும் பார்வைக்குச் சரியாக இருந்தும் பழுதாகிப்போகும் இடங்களைப் போலி என்று பெயரிட்டு அடுக்குகிறார். பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. பௌத்த அளவை நூலான நியாயப் பிரவேசத்திலும் இதே எண்ணிக்கைதான். முப்பத்து மூன்றையும் மனப்பாடம் செய்யச் சொல்லி நான் வரவில்லை. மூன்று கேள்விகள் போதும்.

காரணம், நாம் பேசும் பொருளில் உண்மையிலேயே இருக்கிறதா? நம் கூற்று பொருந்தும் வேறிடத்திலும் அந்தக் காரணம் காணப்படுகிறதா? நம் கூற்று பொருந்தாத இடத்தில் அது இல்லாமல் இருக்கிறதா? இரண்டாவது கேள்வி சொல்லும் இடத்தைச் சபக்கம் என்றும் மூன்றாவதை விபக்கம் என்றும் காப்பியம் சொல்கிறது. ஒலி நிலையற்றது, ஏனெனில் அது செய்யப்படுவது, குடத்தைப் போல என்பது அங்கே வரும் வாதம். குடம் செய்யப்படுவது, அழிவது, அது சபக்கம். நிலையானது என்று கொள்ளப்படும் ஆகாயம் செய்யப்படுவதில்லை, அது விபக்கம். ஆகவே காரணம் நிற்கிறது. இதையே, ஒலி நிலையற்றது, ஏனெனில் அது அறியப்படுவது என்று மாற்றிச் சொல்லுங்கள். குடமும் அறியப்படுகிறது, ஆகாயமும் அறியப்படுகிறது. இரு பக்கத்துக்கும் பொதுவான காரணம் எந்தப் பக்கத்தையும் நிறுவாது. சாதாரணம் என்ற ஏதுப் போலி இது. மாணவர் கட்டுரைகளில் நான் மிக அதிகமாகக் காணும் பழுதும் இதுவே.

நம் ரெங்கம் வட்டாரத்து வாதம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். "தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது, ஆகவே பெற்றோருக்குத் தமிழ்ப்பற்று குறைந்துவிட்டது. என் அண்டை வீட்டாரே பிள்ளையைத் தேசியப் பள்ளியில் சேர்த்துவிட்டார்." கேட்டவுடன் தலையாட்டத் தோன்றும். பொறுங்கள்.

முதல் கேள்வி. எண்ணிக்கை உண்மையிலேயே குறைந்திருக்கிறதா? எந்தப் பள்ளியில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுக்குள்? பல பிள்ளைகள், "அது 150 பேருக்கும் குறைவான பள்ளி, குறைந்த மாணவர் பள்ளி என்று அரசே சொல்கிறதே" என்பார்கள். அது பள்ளியின் அளவைச் சொல்லும் பெயர். முப்பது ஆண்டுகளாக அறுபது பேருடனே நடக்கும் பள்ளிக்கும் அதே பெயர்தான். சிறிதாக இருப்பது வேறு, சிறுத்துப்போவது வேறு. அறவண அடிகள் இதற்கும் ஓர் உதாரணம் வைத்திருக்கிறார். தூரத்தில் தெரிவது ஆவியா, பனியா, புகையா என்ற ஐயம் தீராமலே, அங்கே நெருப்பு உண்டு என்று சாதிப்பது சித்தாசித்தம் என்னும் போலி. விடியற்காலையில் செம்பனைக் காட்டின்மேல் வெள்ளையாகப் படர்வதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு, அது பனிமூட்டமா புகைமூட்டமா என்று நிச்சயிக்காமல் பேசுவதன் ஆபத்து நன்றாகவே புரியும்.

இரண்டாவது கேள்வியில் அண்டை வீட்டார் வருகிறார். பற்றுக் குறைவும் தமிழ்ப்பள்ளியைத் தவிர்த்ததும் அவர் வீட்டில் சேர்ந்திருக்கின்றன என்பது வாதம். ஆனால் அவருக்குப் பற்றுக் குறைந்தது என்று யார் சொன்னது? கணவன் மனைவி இருவரும் விடியுமுன் வேலைக்குப் போகிறவர்களாக இருக்கலாம். பள்ளி வேன் அந்தப் பக்கம் வராமல் இருக்கலாம். நிறுவ வேண்டியது எதுவோ, அதுவே எடுத்துக்காட்டில் ஐயமாக நின்றால் அந்த எடுத்துக்காட்டு பயன்படாது.

மூன்றாவது கேள்விதான் வாதத்தைச் சாய்க்கிறது. பற்றுக் குறையாத இடத்தில் எண்ணிக்கை குறையாமல் இருக்கிறதா? பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களில் முன்போல் ஆள் தேவைப்படவில்லை. இருந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நம் குடும்பங்கள் குளுவாங்குக்கும் கூலாய்க்கும் ஜோகூர் பாருவுக்கும் பெயர்ந்தன. மலேசிய இந்தியரிடையே பிறப்பு விகிதமும் இறங்கியிருக்கிறது. பெற்றோரின் பற்று அப்படியே இருந்தாலும் தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேடு மெலியத்தான் செய்யும். எண்ணிக்கைக் குறைவு இரு பக்கத்துக்கும் பொது.

வாதத்தைத் தள்ளிவிடுவதோடு வேலை முடியவில்லை. நல்ல காரணத்தைத் தேட வேண்டும். இடப்பெயர்வும் பிறப்புக் குறைவும் தீண்டாத ஒன்றை எண்ண வேண்டும். ஒரு பள்ளியின் சுற்றுவட்டாரத்தில் வாழும் ஏழு வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்தார்கள்? ஒரு காலத்தில் இருபது பேரில் பதினெட்டுப் பேர், இப்போது ஆறு பேரில் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். பதினெட்டு ஐந்தாகிவிட்டது என்று எழுதினால் வாசகர் பதறுவார். விகிதமோ 90 விழுக்காட்டிலிருந்து ஏறக்குறைய 83 விழுக்காடுதான் ஆகியிருக்கிறது. அதுவும் ஒரே ஒரு பிள்ளையால் வந்த மாற்றம். இருபதில் பத்து என்று இறங்கியிருந்தால் நிலைமை வேறு. அப்போதும், "பெற்றோரின் தேர்வு மாறியிருக்கிறது" என்பது வரையில் எழுதலாம். பற்று என்பது வரை போக, அவர்களையே கேட்டறிந்த சான்று வேண்டும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. பழைய அளவை, விபக்கத்தில் ஓரிடத்தில்கூடக் காரணம் தலைகாட்டக் கூடாது என்கிறது. சமூகச் செய்திகளில் அத்தனை உறுதி கிடைக்காது. ஆகவே கூற்றைச் சுருக்கி, "காரணங்களுள் ஒன்று", "பெரும்பாலான இடங்களில்" என்று எழுதுவது பலவீனம் ஆகாது. சான்று எவ்வளவோ கூற்றும் அவ்வளவு. இன்னொன்று: எதிராளியின் காரணம் போலி என்று நிறுவினால் அவர் முடிவே பொய் என்று ஆகாது. மேலே பார்த்த வாதம் விழுந்ததால் பற்றுக் குறையவில்லை என்று நாம் நிறுவிவிடவில்லை. பட்டிமன்ற மேடைகளில் இந்த வேறுபாடு அடிக்கடி கைதட்டலில் கரைந்துபோகிறது.

கலந்துரையாடலுக்கு ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அன்னியதராசித்தம் என்று ஒரு போலி உண்டு. காரணம் நமக்கு உடன்பாடு, எதிரே இருப்பவருக்கு உடன்பாடில்லை. "எனக்குப் பிள்ளையின் மதிப்பெண்தான் முக்கியம்" என்கிற தந்தையிடம், "தமிழ் நம் உயிர், ஆகவே தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்கள் ஐயா" என்றால் அவர் நகரமாட்டார். நாம் சொன்னது பொய் என்பதால் அல்ல. பள்ளியைத் தேர்வதற்கு அதை ஓர் அளவுகோலாக அவர் இன்னும் ஏற்கவில்லை. அவர் ஏற்பது கல்வித் தேர்ச்சி. அங்கிருந்து தொடங்குங்கள். அந்தப் பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள், அதே வட்டாரத்தில் அதே வசதியுள்ள, வேறு பள்ளிக்குப் போன பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். பின்னதை விட்டுவிட்டு முன்னதை மட்டும் காட்டினால், விபக்கம் எங்கே என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு நியாயம் உண்டு.