ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள்

(ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மழைக்கால மருத்துவ முகாமின்போது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

முகாமில் சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்கும் உங்களை அதிக நேரம் உட்கார வைக்க மாட்டோம். சொல்ல வந்தது ஒரு செய்திதான். காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, "நெகட்டிவ்" என்று வந்தால் நிம்மதி அடைகிறோம், "பாசிட்டிவ்" என்று வந்தால் பயந்து போகிறோம். எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் என்ற இந்த இரண்டு நோய்களில், ரத்தம் எடுத்தது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்று தெரியாமல் அந்த இரண்டு சொற்களுக்கும் அர்த்தம் கிடையாது. இதைத் தெரியாததால் நம் ஆட்களில் ஒருவர் எவ்வளவு துன்பப்பட்டார் என்பதை நாங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தோம்.

அந்தச் சகோதரர் மீன் கூடை இறக்கும் வேலை செய்கிறவர். மழை பெய்து தண்ணீர் தேங்கியிருந்த நாட்களிலும் செருப்பில்லாமல் அந்தத் தண்ணீரில் நின்றுதான் வேலை பார்த்தார். காலில் வெடிப்பும் இருந்தது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரா என்ற கிருமி இருக்கும். வெடிப்பு, சிராய்ப்பு, கண், வாய் வழியாக அது உடலுக்குள் போகிறது. அதுதான் எலிக்காய்ச்சல்.

ஒரு திங்கட்கிழமை இரவு அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. புதன்கிழமை டாக்டரிடம் போனார். டாக்டர் அவருடைய வேலையை விசாரித்துவிட்டு டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தார், ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். அன்றே ரத்தம் எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வந்தது. லெப்டோ ஐஜிஎம் நெகட்டிவ், ஸ்க்ரப் டைபஸ் ஐஜிஎம் நெகட்டிவ். அவர் வீட்டம்மா எங்களுக்கு போன் செய்து, "பாய், ஒண்ணும் இல்லைன்னு வந்துடுச்சு. இவருக்கு மாத்திரை சாப்பிட்டா வயித்தைப் புரட்டுது. நிறுத்திடலாம்ல?" என்று கேட்டார். எங்களுக்கும் அன்று விவரம் தெரியாது. "டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்" என்று மட்டும் சொன்னோம். அவர்கள் கேட்கவில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே அலறினார். கண்கள் சிவந்திருந்தன. திங்கட்கிழமை கண் மஞ்சளானது, சிறுநீரும் குறைந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. பல நாள் சிகிச்சைக்குப் பிறகுதான், அல்ஹம்துலில்லாஹ், நடந்து வீட்டுக்கு வந்தார்.

அந்தப் புதன்கிழமை ரிப்போர்ட் பொய்யா? பொய் இல்லை. அந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை எதிர்க்க நம் உடல் தயாரிக்கும் எதிர்ப்புப் பொருளை, அதாவது ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. அதைத் தயாரிக்க உடலுக்கு நாள் பிடிக்கும். எலிக்காய்ச்சலில் முதல் வகை ஆன்டிபாடியான ஐஜிஎம், ரத்தத்தில் அளக்கும் அளவுக்கு வருவது ஏறத்தாழ ஐந்திலிருந்து ஏழாவது நாளில். உண்ணிக்காய்ச்சலிலும் முதல் வாரக் கடைசியில்தான். அந்தச் சகோதரருக்கு ரத்தம் எடுத்தது மூன்றாவது நாள். அன்று கிருமி ரத்தத்தில் இருந்தது, ஆன்டிபாடி இன்னும் வரவில்லை. "நெகட்டிவ்" என்று எழுதியிருந்ததற்கு "இன்னும் வரவில்லை" என்பதுதான் பொருள். நாம் அதை "நோய் இல்லை" என்று படித்தோம். முதல் வாரத்தில் கிருமியையே தேடுவதற்கு பிசிஆர் என்ற வேறு பரிசோதனை இருக்கிறது. தேவை என்றால் டாக்டர் எழுதுவார்.

இப்போது இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சி. அறுபது வயதுள்ள ஒரு தாய்க்கு முந்தைய ஆண்டு குளிர்காலத்தில் உண்ணிக்காய்ச்சல் வந்து குணமாகியிருந்தது. இது நாய் மேல் இருக்கும் உண்ணியால் வருவதல்ல. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிறு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. நம் பகுதியிலும் புதருக்குக் குறைவில்லை. 2024 டிசம்பர் கடைசியில் தமிழகப் பொது சுகாதாரத் துறை இந்த நோய் பற்றி எச்சரித்தபோது சென்னையையும் சேர்த்தே சொன்னது.

அந்தத் தாய்க்கு மறுபடி காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே ரத்தம் எடுத்தார்கள். ஸ்க்ரப் ஐஜிஎம் பாசிட்டிவ். வீட்டில் எல்லோரும் "அதே நோய் திரும்ப வந்துவிட்டது" என்றார்கள். ஆனால் இரண்டாம் நாளில் புது ஆன்டிபாடி எங்கிருந்து வரும்? அது போன வருடத்துப் பாக்கி. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், உண்ணிக்காய்ச்சல் வந்தவர்களுக்கு ஐஜிஎம் மெல்ல மெல்லக் குறைந்தாலும் 12 மாதம் வரை கூட பாசிட்டிவ் அளவிலேயே நின்றது. இரண்டாவது வகையான ஐஜிஜி 3 ஆண்டுகளுக்கு மேலும் நின்றது. அந்தத் தாய்க்கு வந்திருந்தது டெங்கு. டெங்குக் கிருமியின் புரதத்தையே காட்டும் என்எஸ்1 பரிசோதனை அதைச் சொல்லிவிட்டது. இரண்டு வாரம் கழித்து எடுத்த ரத்தத்திலும் ஸ்க்ரப் அளவு ஏறாமல் அப்படியே இருந்தது.

எலிக்காய்ச்சலிலும் இதே கதைதான். சென்னையில் துப்புரவுத் தொழிலாளர்களிடம் ரத்தம் எடுத்து ஆராய்ந்து 1993-இல் வெளியிட்டார்கள். சுமார் மூன்றில் ஒருவருக்கு லெப்டோ ஆன்டிபாடி இருந்தது. அவர்கள் எல்லோரும் அன்று நோயாளிகள் அல்லர். தண்ணீரிலும் சாக்கடையிலும் வேலை செய்கிறவர்கள் தங்களுக்குத் தெரியாமலேயே கிருமியைச் சந்தித்து வந்திருக்கிறார்கள். அந்தச் சுவடுதான் அது.

ஆக, ஒரு ரத்தத்தை மட்டும் பார்த்தால் இரண்டு பக்கமும் ஏமாறலாம். அதனால்தான் டாக்டர்கள் இரண்டு முறை ரத்தம் எடுக்கச் சொல்கிறார்கள். முதல் ரத்தம் டாக்டரைப் பார்த்த அன்று, இரண்டாவது அதற்குப் பத்திலிருந்து பதினான்கு நாள் கழித்து. இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏறுவதை எப்படி அளப்பது? நோன்பு திறக்க நன்னாரி சர்பத் கலக்குகிறோம். அதில் பாதியை எடுத்து அதே அளவு தண்ணீர் ஊற்றினால் நிறம் மங்கும். அதில் பாதிக்கு மறுபடி தண்ணீர் ஊற்றினால் இன்னும் மங்கும். எத்தனையாவது டம்ளர் வரை நிறம் தெரிகிறதோ, அதை வைத்து சர்பத் எவ்வளவு கெட்டி என்று சொல்லிவிடலாம். எலிக்காய்ச்சலுக்கான மேட் பரிசோதனையும் இதே மாதிரிதான். ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை 50 மடங்கு, 100 மடங்கு, 200 மடங்கு, 400 மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், ஒவ்வொன்றிலும் உயிருள்ள லெப்டோஸ்பைராவைச் சேர்த்து, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஆன்டிபாடி இருந்தால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். எந்த நீர்ப்பு வரை ஒட்டுகிறதோ அதுதான் டைட்டர். ரிப்போர்ட்டில் 1:100, 1:400 என்று எழுதியிருப்பது அதைத்தான்.

ஒரு டம்ளர் வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது. ஒரே ரத்தத்தை இரண்டு பேர் பார்த்தாலும் ஒருவர் 100 என்பார், இன்னொருவர் 200 என்பார். குறைந்தது இரண்டு டம்ளர், அதாவது நான்கு மடங்கு ஏறினால்தான் இப்போது நடக்கும் நோய் என்று உறுதி. நம் சகோதரரின் முதல் சீரத்தை ஆய்வகத்தில் உறைநிலையில் வைத்திருந்தார்கள். பதினைந்தாம் நாள் எடுத்ததோடு சேர்த்துப் பார்த்தபோது, முதலாவதில் 1:50-இலேயே ஒன்றும் இல்லை, இரண்டாவதில் 1:400. சந்தேகத்துக்கு இடமே இல்லை. அதுவே இரண்டு தடவையும் 1:200 என்றிருந்தால், பழைய சுவடு என்றே பெரும்பாலும் நினைக்க வேண்டியிருக்கும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, இரண்டு ரத்தத்தையும் ஒரே ஆய்வகத்தில், முடிந்தால் ஒரே நாளில் பார்க்க வேண்டும். ஓர் இடத்து எண்ணையும் இன்னோர் இடத்து எண்ணையும் ஒப்பிட முடியாது. இரண்டாவது, எலிசா முறையில் வரும் எண் நீர்ப்புக் கணக்கு அல்ல. 12 என்பது 24 ஆனால் இரு மடங்கு என்று நாமே கணக்குப் போடக் கூடாது. நெகட்டிவாக இருந்தது தெளிவாகப் பாசிட்டிவ் ஆனதா என்றுதான் பார்க்க வேண்டும். மூன்றாவது, சீக்கிரமே மருந்து ஆரம்பித்தவர்களுக்கு ஆன்டிபாடி தாமதமாகவோ குறைவாகவோ வரலாம். இரண்டாவது ரத்தத்தில் ஏறவில்லை என்றாலும், சந்தேகம் வலுவாக இருந்தால் டாக்டர் இன்னும் சில வாரம் கழித்து மூன்றாவது முறை கேட்பார்.

அப்படியானால் இரண்டு வாரம் மருந்தில்லாமல் காத்திருப்பதா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. இரண்டாவது ரத்தம் நோயின் பெயரை உறுதி செய்வதற்கு. உயிரைக் காப்பது முதல் நாள் டாக்டர் சந்தேகத்தின் பேரில் கொடுக்கும் மருந்து. டாக்சிசைக்ளின் இந்த இரண்டு நோய்க்குமே கேட்கும். அதனால்தான் ரிப்போர்ட் வரும் முன்பே கொடுக்கிறார்கள். வயிற்றைப் புரட்டினால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து உண்டு, அதையும் அவரே சொல்வார்.

உண்ணிக்காய்ச்சலில் ஆன்டிபாடி வரும் முன்பே கிடைக்கக்கூடிய சாட்சி ஒன்று உண்டு. பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கருப்புப் பொருக்குடன் ஒரு புண் இருக்கும். வலிக்காது, அரிக்காது. எல்லோருக்கும் இருக்காது, ஆனால் இருந்தால் அதுவே போதும். அக்குள், இடுப்பு மடிப்பு, தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி என்று மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். நம் பெண்கள் கூச்சத்தால் சொல்வதில்லை, டாக்டரும் பார்ப்பதில்லை. வீட்டில் உம்மாவோ சகோதரியோ உடம்பு முழுவதும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இங்கே ஒரு கருப்புப் புண் இருக்கிறது" என்று டாக்டரிடம் வாயால் சொன்னாலே போதும். பெண் மருத்துவரைக் கேட்டாலும் ஏற்பாடு செய்வோம்.

முகாமில் இன்று ஒரு சிறு அட்டை தருகிறோம். அதில் நான்கு கோடுகள்தான். காய்ச்சல் தொடங்கிய தேதி, முதல் ரத்தம் எடுத்த தேதி, மருந்து தொடங்கிய தேதி, இரண்டாவது ரத்தத்துக்கான தேதி. காய்ச்சல் வந்த இரவே முதல் கோட்டை எழுதிவிடுங்கள். காய்ச்சல் விட்டதும் பெரும்பாலோர் இரண்டாவது ரத்தத்துக்கு வருவதில்லை. அந்தச் செலவை நம் அறக்கட்டளை ஏற்கும், அதனால் வராமல் இருக்காதீர்கள்.

அந்தச் சகோதரர் இப்போது வேலைக்குப் போகிறார், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு. அன்று போனில் அவர் வீட்டம்மா கேட்ட கேள்வியை இனி யார் கேட்டாலும் நாங்கள் சொல்லப் போகும் பதில் இதுதான்: "எத்தனையாவது நாள் ரத்தம் எடுத்தீங்க? டாக்டர் சொல்ற வரைக்கும் மாத்திரையை நிறுத்தாதீங்க."

வஸ்ஸலாம்.