ஆழம் எத்தனை மில்லிமீட்டர்?

தஞ்சோங் பகாரில் வசிக்கும், இன்னும் தாயாகாத 31 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். பரிசோதனையில் அவருக்கு எச்பிவி கிருமி தெரிகிறது. மருத்துவர் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவி, கோல்போஸ்கோப் கருவியால் பார்க்கிறார். மாறிய திசு வெளுத்துத் தெரிகிறது. வெண்மை, விளிம்பு, இரத்தக் குழாய், பரப்பு, அயோடின் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 2 மதிப்பெண் வரை தருவது சுவீடன் நாட்டு முறை. அவருக்கு 10க்கு 8. திசுச் சோதனையும் மூன்றாம் நிலை என உறுதிசெய்கிறது.

முதல் நிலை பெரும்பாலும் தானே மறையும். மூன்றாம் நிலையை அப்படியே விட்டால், 30 ஆண்டுகளில் பத்தில் மூவருக்குப் புற்றுநோய் வருமென நியூசிலாந்து ஆய்வு 2008ல் காட்டியது. எனவே ‘லீப்’ சிகிச்சை: மரத்துப்போக ஊசி போட்டு, மின்கம்பி வளையத்தால் அந்தத் திசுவை வெட்டி எடுப்பார்கள்.

“பிறகு குழந்தை தங்குமா, டாக்டர்?” என்பதே பெண்களின் கவலை. கருத்தரிப்பை இது பொதுவாகத் தடுப்பதில்லை. குறைப்பிரசவ வாய்ப்பு, வெட்டிய ஆழத்தைப் பொறுத்தது. 10 மில்லிமீட்டருக்குள் என்றால் பெரிதாகக் கூடுவதில்லை. 15ஐத் தாண்டினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்றது 2014ல் வந்த இங்கிலாந்து ஆய்வு. ஆனால் மிகக் குறைவாக வெட்டினால் நோய் தங்கிவிடலாம்.

ஆகவே, வெட்டிய ஆழத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். கர்ப்பமானதும் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஐந்தாம் மாத வாக்கில் கருப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளப்பார்கள். 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் புரோஜெஸ்டிரோன் மருந்தோ தையலோ உண்டு.