வயிறு உப்பலுக்கு எடுக்கும் மாத்திரையும் இதயத் துடிப்பும்
(வெலிமடை தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்று ஒரே ஒரு மாத்திரையைப் பற்றித்தான் பேசப்போகிறோம். அதன் பெயர் டொம்பெரிடோன். "கேஸ் மாத்திரை" என்று நாம் வாங்கி வைத்திருப்பவற்றில் இதுவும் ஒன்று. இது புளிப்பைக் குறைக்கும் மருந்து அல்ல. இரைப்பை சுருங்கி, சாப்பாட்டைக் குடலுக்குத் தள்ளுவதை இது வேகப்படுத்துகிறது. குமட்டலையும் அடக்குகிறது. அதனால்தான் இரண்டு வாய் உண்டதும் வயிறு நிறைந்துபோகிறவர்களுக்கும் எதுக்களிக்கிறவர்களுக்கும் சில வைத்தியர்கள் இதைக் கொடுக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இதயம். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் மின்சாரம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். இந்த மருந்து உடம்பில் கூடினால் அது தாமதமாகும். அப்போது துடிப்பு தாறுமாறாகலாம். அரிதாகவே நடக்கும், ஆனால் நடந்தால் உயிருக்கே ஆபத்து. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் எடுப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். அதனால் 2014இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் இதைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும் என்று நிறுத்தினார்கள். பெரியவர்களுக்கு 10 மில்லிகிராம் மாத்திரை நாளுக்கு மூன்று வேளைக்கு மேல் கூடாது, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்றார்கள். வயிறு உப்பலுக்கும் நெஞ்செரிவுக்கும் கிடைக்கும் பலன் இந்த ஆபத்துக்கு ஈடாகாது என்பது அவர்கள் முடிவு.

ஓர் உதாரணம் பார்ப்போம். 63 வயது அம்மா ஒருவர் மாதக்கணக்காக இதைத் தினம் மூன்று வேளை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சளி பிடித்து வேறொரு டிஸ்பென்சரிக்குப் போகிறார். அங்கே எரித்ரோமைசின் கொடுக்கிறார்கள். ஈரல் டொம்பெரிடோனைக் கழிப்பதை அது தடுக்கும். இரத்தத்தில் அதன் அளவு மூன்று மடங்கு வரை ஏறலாம். எரித்ரோமைசினும் தன் பங்குக்கு இதயத்தின் மின்சாரத்தைத் தாமதிக்கும். கூடவே வயிற்றுப்போக்கு வந்தால் பொட்டாசியம் உப்பும் குறையும். மூன்றும் சேர்ந்தால் கொழுந்து மலையிலேயே அவர் மயங்கி விழக்கூடும். கிளாரித்ரோமைசின், புளுகொனசோல் ஆகியவற்றோடும் இதைச் சேர்க்கக் கூடாது.

ஆகவே எந்த வைத்தியரிடம் போனாலும், பாமசிக்குப் போனாலும், வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். இதய வருத்தம், ஈரல் வருத்தம், மூத்திரம் போகக் கொடுக்கும் மாத்திரை, இவற்றில் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லுங்கள். பக்கத்து லயத்தில் மிஞ்சிய மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள்.

இதை எடுக்கும்போது நெஞ்சு படபடத்தாலோ, தலை சுற்றினாலோ, மயக்கம் வந்தாலோ அடுத்த வேளையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அங்கே ஈசிஜி எடுத்தால் தாமதம் தெரியும். மலை ஏறும்போது நெஞ்சு அடைத்தால் அதைக் கேஸ் என்று எண்ணி மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள்.