எழ முடியாத ஆட்டுக்குட்டி

ஆடு வளர்க்கும் தாய்மார்களுக்கு ஒரு செய்தி.

நம் ஜமாஅத்தில் ஒரு சகோதரி வீட்டில் செம்மறி ஆடு கோடை முழுதும் பழைய வைக்கோலைத் தின்று குட்டி போட்டது. பத்தாம் நாள் குட்டியின் பின்னங்கால்கள் விறைத்தன, முதுகு கூனியது, நின்றால் நடுங்கியது. ஆனால் கண்ணில் தெளிவு இருந்தது, பால் குடிக்கவும் ஆசைப்பட்டது. தொப்புள் சீழால் வரும் மூட்டுவீக்கம் என்று நினைத்தார்கள். அதில் மூட்டு வீங்கிச் சுடும். இந்தக் குட்டிக்கு வீக்கமும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

கால்நடை மருத்துவர் பார்த்து, செலினியம், வைட்டமின் ஈ குறைவு என்றார். மண்ணில் செலினியம் குறைந்தால் தீவனத்திலும் குறையும். வைட்டமின் ஈ பச்சைத் தீவனத்தில் உண்டு; காய்ந்து பழையதாக ஆக அழிந்துவிடும். இரண்டும் குறைந்த தாயின் குட்டிக்குத் தசை சிதைந்து வெளுக்கும். கன்றுக்கும் இப்படியே.

ஓர் ஊசி போட்டார். சகோதரி குட்டியைத் தூக்கிப் பிடித்துப் பாலூட்டினார். நான்காம் நாள் தானே எழுந்தது. இதயத் தசை கெட்டிருந்தால் ஊசி போட்டும் பிழைப்பது அரிது. சில குட்டிகள் ஓடும்போதே விழுந்து இறக்கும்.

ஊசியை நாமே வாங்கிப் போடக் கூடாது. செலினியம் சற்றே மிகுந்தாலும் நஞ்சு. எடை பார்த்து மருத்துவரே போடட்டும்.

சினை ஆட்டுக்குக் கடைசி இரண்டு மாதமும் பச்சைத் தழையும், மருத்துவர் சொல்லும் அளவில் செலினியம் சேர்ந்த தாது உப்புக் கலவையும் கொடுங்கள். பிறந்ததும் சீம்பால் ஊட்டுங்கள்.