காய்ச்சல் விட்ட நாளே கண்காணிக்க வேண்டிய நாள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



டெங்குக் காய்ச்சல் என்ற சொல் காதில் விழுந்ததும் நம் குடும்பங்களில் எழும் முதற் கேள்வி, “தட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறது?” என்பதே. மருத்துவமனை வாயிலில் தந்தையர் இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஓர் எண்ணை மட்டுமே பார்த்து நிற்கின்றனர். எண் குறைந்தால் கலங்குகின்றனர். தாலியை அடகு வைத்தேனும் தட்டணுக்களை வாங்கி ஏற்றிவிட வேண்டும் எனத் துடிக்கின்றனர். மறுபுறம், காய்ச்சல் தணிந்துவிட்டால் பிள்ளை பிழைத்துவிட்டது என்று மகிழ்ந்து, இழந்த கூலியை ஈட்ட மறுநாளே வேலைக்குச் சென்றுவிடுகின்றனர். அந்த அச்சமும் இந்த நிம்மதியும் இரண்டுமே இடம் மாறி நிற்கின்றன என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதலில், தட்டணு என்பது யாதெனக் காண்போம். நம் இரத்தத்தில் சிவப்பணுக்கள், வெள்ளணுக்கள் என்பவற்றோடு, அவற்றினும் சிறியனவாகிய தட்டணுக்களும் உள்ளன. பிளேட்லெட் என்று மருத்துவர் கூறுவது இவற்றையே. காயம் பட்ட இடத்தில் ஒன்று கூடி அடைத்து இரத்தப் பெருக்கை நிறுத்துவது இவற்றின் பணி. நலமுள்ளவர் ஒருவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் முதல் நாலரை இலட்சம் வரை இருக்கும். டெங்கு வைரஸ் இவை உருவாகும் எலும்பு மச்சையைச் சில நாட்கள் தளர்த்திவிடுகிறது. உருவானவையும் விரைவில் அழிகின்றன. ஆதலின் டெங்கு கண்ட பெரும்பாலோர்க்கு எண்ணிக்கை குறையவே செய்யும். நோய் தணியும்போது, எதனையும் ஏற்றாமலேயே, தானாக உயரும்.

அங்ஙனமாயின் உயிருக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது? இரத்தத்தின் நீர்ப்பகுதியை இரத்தநீர் என்கிறோம். கடும் டெங்குவில், மயிரிழையினும் மெல்லிய இரத்த நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து, இந்நீர் வெளியே கசிகிறது. வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்குகிறது. குழாய்க்குள் எஞ்சிய இரத்தம் கெட்டியாகி அளவிலும் குறைகிறது. அளவு குறையவே நாடி தளர்கிறது, கைகால் சில்லிடுகிறது, உறுப்புகளுக்கு இரத்தம் போதாமற் போகிறது. டெங்குவால் நேரும் இறப்புகளில் பெரும்பாலானவற்றின் தொடக்கம் இக்கசிவே. கடும் இரத்தப் பெருக்கும் பெரும்பாலும் இதனைக் கவனியாது விட்டதன் பின்னரே வருகிறது.

இக்கசிவு நிகழும் காலம் எது? காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் தணியும் வேளையை ஒட்டி வருவதே இதன் இயல்பு. தொடங்கினால் 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். உடல் குளிர்ந்ததைக் கண்டு வீட்டார் நிம்மதி கொள்ளும் அதே நாளில் ஆபத்து வாயிலில் நிற்கிறது.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். முப்பது கிலோ எடையுள்ள பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் திங்கட்கிழமை கடுங்காய்ச்சல் தொடங்கியது எனக் கொள்வோம். புதன்கிழமைப் பரிசோதனையில் தட்டணுக்கள் 1,40,000. அதே தாளில் பி.சி.வி. என்றோ எச்.சி.டி. என்றோ மற்றோர் எண் இருக்கும். நூறு பங்கு இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்பதை அது காட்டுகிறது. அவளுக்கு அது 36. வெள்ளிக்கிழமை காலை காய்ச்சல் இல்லை. ஆனால் வயிறு வலிக்கிறது என்கிறாள். மூன்று முறை வாந்தி எடுத்தாள். காலை முதல் சிறுநீர் கழிக்கவில்லை. சோர்ந்து படுத்தே கிடக்கிறாள். தட்டணுக்கள் 62,000, பி.சி.வி. 44. சிவப்பணுக்கள் புதிதாகப் பெருகிவிடவில்லை. நீர் வெளியேறியதால் இரத்தம் கெட்டியாயிற்று. 36இலிருந்து 44 என்பது ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட உயர்வு. அத்தகைய உயர்வு கசிவின் உறுதியான அடையாளம். அவளுக்கு உடனே தேவைப்படுவது அளவறிந்து ஏற்றப்படும் சலைனும், சில மணிக்கொரு முறை நாடி, இரத்த அழுத்தம், பி.சி.வி. ஆகியவற்றைப் பார்க்கும் கண்காணிப்புமே.

ஞாயிற்றுக்கிழமை அவள் கஞ்சி கேட்கிறாள்; சிறுநீர் தாராளமாகப் போகிறது; பி.சி.வி. 37. தட்டணுக்களோ 48,000! எண்ணை மட்டும் பார்க்கும் தந்தை வெள்ளியைவிட ஞாயிறன்றே மிகவும் அஞ்சுவார். உண்மையில் 62,000 இருந்த வெள்ளியன்றுதான் அவள் உயிர் ஊசலாடியது. 48,000 உள்ள ஞாயிறன்று அவள் கரையேறிவிட்டாள். கசிந்த நீர் குழாய்களுக்குள் திரும்பும் இந்நேரத்தில் சலைனைக் குறைத்து நிறுத்துவதே முறை. தொடர்ந்து ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். ஆதலின் மருத்துவர் சலைனை நிறுத்தினால், பிள்ளையைக் கைவிட்டுவிட்டார் என எண்ணற்க.

தட்டணுக்களை ஏற்றுவது பற்றியும் கூறவேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000க்கு மிகாத எண்ணிக்கை இருந்த பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. இரத்தப் பெருக்கு இல்லாதவர்க்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றியதால் அப்பெருக்கு தடுக்கப்படவில்லை என்பதே அதன் முடிவு. ஒவ்வாமை முதலிய தீங்குகளோ மிகுந்தன. கடுமையாக இரத்தம் போகிறவர்க்கும், எண்ணிக்கை மிக மிகக் குறைந்தவர்க்கும் மருத்துவர் ஏற்றக்கூடும். மற்றையோர்க்கு ஏற்றச் சொன்னால், “இரத்தப் பெருக்கு உள்ளதா? பி.சி.வி. எவ்வளவு?” என்று கேளுங்கள். அவ்வாறு கேட்பது மரியாதைக் குறைவன்று. தாளைப் படித்துக் கேட்பது நமது உரிமை.

வீட்டில் செய்யத்தக்கவை சிலவே. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும் தரலாம். கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கில், ஆறு மணிக்கொரு முறை, நாளொன்றுக்கு நான்கு வேளைக்கு மேற்படாமல் தருக. மேற்கண்ட சிறுமிக்கு ஒரு வேளைக்கு 300 முதல் 450 மில்லிகிராம். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்குளோஃபினாக் ஆகியவை கூடா. அவை இரத்தப் பெருக்கைத் தூண்டும். ‘ஊசி போட்டால் உடனே இறங்கும்’ என்று இடுப்பில் போடும் ஊசியும் வேண்டா. நீராகாரம், கஞ்சி, இளநீர், உப்புச்சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுங்கள். பப்பாளி இலைச்சாறு கொடுப்போர் உளர். அது கசிவை நிறுத்தும் என்பதற்குச் சான்றில்லை. அதனை நம்பி மருத்துவமனைக்குச் செல்வதை ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

உடனே அழைத்துச் செல்ல வேண்டிய அறிகுறிகள் இவை: விடாத வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, மூக்கிலோ ஈற்றிலோ இரத்தம், கறுத்த மலம், மூச்சுத் திணறல், அளவுக்கு மீறிய சோர்வு அல்லது அமைதியின்மை, சில்லிட்ட கைகால், ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் கழியாமை. இவற்றுள் ஒன்று தோன்றினாலும், நள்ளிரவாயினும், 108 வண்டியை அழைத்து அரசு மருத்துவமனை செல்க. கருவுற்றோர், கைக்குழந்தைகள், முதியோர், நீரிழிவு உள்ளோர் ஆகியோரை அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் காட்டிவிடுக.

இளைஞர்களுக்கு ஒரு பணி. தெருவில் ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால், ஒரு தாளில் காய்ச்சல் தொடங்கிய நாளை எழுதிக் கொடுங்கள். நாள்தோறும் காய்ச்சல், குடித்த அளவு, சிறுநீர் கழித்த நேரம், தட்டணு, பி.சி.வி. ஆகியவற்றை அதில் குறித்து வாருங்கள். காய்ச்சல் விட்ட பின் இரண்டு நாட்கள் தாயோ தந்தையோ வேலைக்குச் செல்லாது பிள்ளையின் அருகில் இருக்கட்டும். இருவருமே கூலிக்குப் போயாக வேண்டிய வீடாயின், அவ்விரு நாட்களும் உங்களில் ஒருவர் அங்கே சென்று அமர்ந்திருங்கள்.